செங்குத்தாக ஏறிய பங்கில் ஷூட்டிங் ஸ்டார்: விற்கலாமா, நாளைய கேண்டிலைப் பார்க்கலாமா?

மேலூர் ரோடு | செவ்வாய், மாலை 4:40

வணக்கம் எல்லோருக்கும். கையில் 300 பங்கு இருக்கிறது, 221 ரூபாய்க்கு வாங்கியது. பெயர் வேண்டாம், டிப்ஸ் கொடுத்ததாகிவிடும். போன வாரம் 212-ல் இருந்து கிளம்பி நேற்று 258-ல் முடிந்தது. இடையில் ஒரு நாள்கூட நின்று மூச்சு வாங்கவில்லை. இன்று கேப்பில் 266-ல் திறந்து, 284 வரை போய், கடைசியில் 268-ல் முடிந்திருக்கிறது. இன்றைய லோ 264.50. தினசரி சார்ட்டில் பார்த்தால் அச்சு அசலாக ஷூட்டிங் ஸ்டார், ஏற்றம் திரும்பலாம் என்று எச்சரிக்கும் கேண்டில். உடல் வெறும் 2 ரூபாய், மேலே 16 ரூபாய்க்கு விக், கீழே கொஞ்சூண்டு.

நாளைக் காலையில் திறந்ததுமே விற்றுவிடலாமா? இறக்கத்தை அடுத்த கேண்டில் உறுதி செய்யட்டும், கன்ஃபர்மேஷன் வரட்டும் என்று சொல்கிறார்கள். அது வருவதற்குள் லாபம் பாதி கரைந்துவிடாதா?

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | செவ்வாய், 5:05

காத்திருக்க என்ன இருக்கிறது அண்ணே. ஆறு நாள் ஓட்டம், உச்சியில் ஸ்டார், வால்யூமும் கூடியிருக்கும். நாளைக்கு 9:15-க்கு அடித்துவிட்டு வெளியே வாருங்கள். முடிந்தால் மேலே ஒரு ஷார்ட்டும் போடுங்கள். நாளை சிவப்பு கேண்டில் வந்தால் அதுதான் கன்ஃபர்மேஷன், வேறு ஒன்றுமில்லை.

---

திருநகர் வாசுகி | செவ்வாய், 5:30

சின்ன சந்தேகம். நேற்று 258-ல் முடிந்து இன்று 268-ல் முடிந்திருக்கிறது, நாள் கணக்கில் 10 ரூபாய் லாபம். திறந்த விலையைவிட மேலே முடிந்ததால் கேண்டிலும் பச்சை. பச்சையாக இருந்தால் அது ஷூட்டிங் ஸ்டார் ஆகுமா?

---

அண்ணாநகர் பென்ஷனர் | செவ்வாய், இரவு 7:15

வாசுகி அம்மா, ஆகும். இந்த அளவு சின்ன உடலில் நிறத்துக்குப் பெரிய வேலை இல்லை. சிவப்பாக இருந்தால் கொஞ்சம் பலம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது உடல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. நாளின் வீச்சு 19.50 ரூபாய், உடல் அதன் அடிப்பகுதியில் ஒட்டிக்கிடக்கிறது. அதனால் வடிவத்தில் குறை இல்லை.

மேலூர் தம்பிக்கு இரண்டு கேள்வி. ஒன்று, முந்தைய நாட்களில் ஒரு நாளின் ஹைக்கும் லோவுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தது? இரண்டு, 284 எத்தனை மணிக்கு வந்தது? 15 நிமிட சார்ட்டைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் விற்பதா வேண்டாமா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

---

மேலூர் ரோடு | செவ்வாய், 7:50

சார், போன வாரம் தினமும் 8 ரூபாயிலிருந்து 13 ரூபாய் வரை வீச்சு. 284 வந்தது மதியம் ஒன்றரை மணி வாக்கில். அதன்பின் 280, 276 என்று படிப்படியாக இறங்கி, மூன்று மணிக்குமேல் சட்டென்று 270-க்குக் கீழே வந்தது. மூன்று மணிக்குப் பிறகு வால்யூம் ரொம்ப அதிகம்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | செவ்வாய், 8:40

நல்லது. காலை 9:16-க்கு யாரோ தெரியாமல் மார்க்கெட் ஆர்டர் போட்டு 284-ல் ஒரு கோடு விழுந்திருந்தால், அந்த விக்கைத் துடைத்துப் போட்டுவிடச் சொல்லியிருப்பேன். இது அப்படியில்லை. மதியம்வரை வாங்கியவர்கள் கை ஓங்கியிருந்தது, அப்புறம் விற்றவர்கள் இரண்டு மணி நேரம் விடாமல் விற்றிருக்கிறார்கள். விக் உண்மையான விக்.

ஆனால் விற்றது யார்? அதை இந்த ஒரு கேண்டில் சொல்லாது. செங்குத்தான ஏற்றத்துக்குப் பிறகு இரண்டு வகை விற்பனை தானாகவே வந்துவிடும். 212, 220-ல் வாங்கியவர்கள் லாபத்தை எடுப்பார்கள். அன்று காலை இன்ட்ராடேயில் வாங்கியவர்கள் மாலைக்குள் முடித்தாக வேண்டும். அவர்களே முடிக்காவிட்டால் மூன்றேகால் வாக்கில் புரோக்கரே முடித்துவிடுவார். தம்பி சொல்லும் மூன்று மணி வால்யூமில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். இந்த இரண்டு வகையினரும் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் விற்க அவர்களிடம் எதுவும் இருக்காது. அப்படியென்றால் பங்கு ஒரு நாள் இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறும். அப்போது அந்த ஸ்டார் ஒரு இடைநிறுத்தம், திருப்பம் இல்லை.

மூன்றாவது வகை, இனி இந்த விலையில் இது வேண்டாம் என்று முடிவெடுத்து விற்பவர்கள். அவர்களிடம் சரக்கு இன்னும் இருக்கும், நாளையும் வருவார்கள். இன்றைய விக்கில் எந்த வகை அதிகம் என்பது நாளைக்குத்தான் தெரியும். காத்திருக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம், கேண்டில் முறையைக் கொண்டுவந்த ஜப்பானிய அரிசி வியாபாரிகள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக இல்லை.

வில்லாபுரம் தம்பி சொன்னதில் பாதி சரி. மறுநாள் கேண்டில் முக்கியம்தான். ஆனால் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்டாரின் லோவான 264.50-க்குக் கீழே முடிய வேண்டும்.

---

பூ மார்க்கெட் பாண்டி | செவ்வாய், 9:10

நான் பங்குக்குப் புதுசு. மாட்டுத்தாவணியில் மல்லிகை கமிஷன் வியாபாரம். நீங்கள் சொல்வது எனக்கு இப்படித்தான் புரிகிறது: முகூர்த்த நாளுக்கு முன்னால் விடியற்காலையில் கிலோ விலை எகிறும், பத்து மணிக்கு மேல் விழும். விழுந்ததை வைத்து நாளைக்கும் விலை இல்லை என்று சொல்ல முடியாது. நாளைக் காலை எத்தனை மூட்டை வரத்து, எத்தனை பேர் வாங்க வந்து நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இந்தப் பங்கு எத்தனை ரூபாய் வரைக்கும் இறங்கும்? அதைச் சொன்னால் நான் அங்கே வாங்கிக்கொள்வேன்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | செவ்வாய், 9:35

பாண்டி அண்ணாச்சி, முதல் பாதி பிரமாதம். இரண்டாவது கேள்விக்கு ஸ்டாரிடம் பதில் கிடையாது. எவ்வளவு தூரம் இறங்கும் என்பது அந்த வடிவத்தில் இல்லவே இல்லை. அதைப் பழைய சப்போர்ட், கேப், இவற்றில் தேட வேண்டும்.

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | செவ்வாய், 9:50

சார், ஏன் லோ? உடலின் பாதிக்குக் கீழே போனாலே போதும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே.

---

அண்ணாநகர் பென்ஷனர் | செவ்வாய், 10:20

இங்கே உடலே 2 ரூபாய், அதில் பாதி ஒரு ரூபாய். ஒரு நாளில் பத்து ரூபாய் ஆடும் பங்கில் ஒரு ரூபாய் எதைச் சொல்லிவிடும்?

லோவை எடுப்பதற்குக் காரணம் உண்டு. இன்று 275-க்கும் 284-க்கும் இடையில் டெலிவரி எடுத்தவர்கள் இப்போது நஷ்டத்தில் தூங்கப் போகிறார்கள். விலை 264.50-க்கு மேலேயே இருக்கும்வரை, நாளை திரும்பிவிடும் என்று பொறுத்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே முடிந்தால், செவ்வாயன்று வாங்கிய ஒருவர் விடாமல் எல்லோருமே நஷ்டத்தில் இருப்பார்கள். அப்போது அவர்களே விற்பவர்களாக மாறுவார்கள். இறக்கத்துக்குத் தீனி அங்கிருந்துதான் வரும்.

இந்தப் பங்கில் இன்னொன்று இருக்கிறது. திங்கட்கிழமை ஹை என்ன?

---

மேலூர் ரோடு | செவ்வாய், 10:25

259 சார்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | செவ்வாய், 10:40

அப்படியானால் 259-க்கும் 264.50-க்கும் நடுவில் வியாபாரமே நடக்கவில்லை, வெற்றிடம். லோ உடைந்தால் அந்த இடத்தில் தாங்கிப்பிடிக்க ஏற்கெனவே வாங்கியவர் யாரும் இல்லை. 259 வரை சீக்கிரம் வரலாம். இந்தப் பங்கில் 264.50 இரட்டை முக்கியம் பெறுவது அதனால்தான்.

அப்புறம் அந்த ஷார்ட் யோசனை. பங்கு எப் அண்ட் ஓ பட்டியலில் இல்லாவிட்டால் கேஷில் ஷார்ட் போட்டு இரவு தாண்ட முடியாது. அன்றைக்கே முடிக்க வேண்டும். அப்பர் சர்க்யூட்டில் மாட்டினால் திரும்ப வாங்குவதற்கு விற்க ஆள் கிடைக்காது, ஏலத்துக்குப் போய்க் கூடுதல் பணம் போகும். கையில் பங்கு வைத்திருப்பவருக்கு ஸ்டார் என்பது வெளியேறுவது பற்றிய கேள்வி. ஷார்ட் போடுவது வேறு தொழில்.

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | புதன், காலை 11:12

சார் பார்த்தீர்களா! 263.80 வந்துவிட்டது. 264.50 உடைந்தது. கன்ஃபர்ம்!

---

அண்ணாநகர் பென்ஷனர் | புதன், 11:40

மணி பதினொன்றேமுக்கால் ஆகவில்லை. சந்தை மூடுவது மூன்றரைக்கு.

---

மேலூர் ரோடு | புதன், மாலை 4:15

இன்றைய கணக்கு: திறந்தது 269, ஹை 272, லோ 263.80, முடிந்தது 266. கேண்டில் சிவப்பு. காலையில் கை துறுதுறுத்தது, விற்கவில்லை. இப்போது இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | புதன், 4:30

சிவப்புதானே அண்ணே. லோவும் தொட்டாயிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்?

---

கோரிப்பாளையம் ஸ்கால்பர் | புதன், 5:10

நான் 5 நிமிட சார்ட்டில் தினமும் ஸ்டாரும், அதைத் தலைகீழாக்கிய ஹேமரும் எடுக்கிறேன். அடுத்த கேண்டில் லோ உடைந்த நொடியே உள்ளே. முடிவு விலைக்குக் காத்திருந்தால் நகர்வு போய்விடும். பென்ஷனர் சார் பழைய காலத்து ஆள்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | புதன், 6:30

பழைய காலத்து ஆள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 5 நிமிடத்தில் ஒரே நாளில் 75 கேண்டில் விழும், அதில் நீளமான விக் ஏகப்பட்டது வரும். ஆறு நாள் ஏற்றத்தின் உச்சியில் வரும் ஒரு தினசரி ஸ்டாரையும், பதினோரு மணிக்கு வரும் ஒரு 5 நிமிட ஸ்டாரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். உங்கள் முறை உங்களுக்கு ஒத்துவரலாம். மேலூர் தம்பி கேட்டது வேறு.

புதன் கேண்டிலைப் படிப்போம். 263.80-ல் விற்றார்கள், அங்கே வாங்க ஆள் வந்து 266-க்கு மேலே தூக்கிவிட்டார்கள். லோவுக்குக் கீழே போனார்கள், ஆனால் தங்க முடியவில்லை. காலையில் லோ உடைந்ததைப் பார்த்து விற்றிருந்தால் நாளின் மிக மோசமான விலையில் விற்றிருப்பீர்கள். மேலே 272-க்குமேல் போகவும் பலமில்லை. ஆக, கன்ஃபர்ம் ஆகவும் இல்லை, முறியவும் இல்லை. ஸ்டார் முறிவது 284-க்கு மேலே முடிந்தால்தான்.

---

திருநகர் வாசுகி | புதன், 8:05

ஹேமருக்கும் இதே விதியைத் தலைகீழாகப் போட்டால் சரியா? 2020 மார்ச் 13 ஞாபகம் இருக்கிறது. நிஃப்டி காலையில் லோயர் சர்க்யூட் அடித்து 45 நிமிடம் நிறுத்தினார்கள். 8,555 வரை போய், அன்றைக்கே 9,955-ல் முடிந்தது. ஹேமர் வந்துவிட்டது, அடிமட்டம் இதுதான் என்று எங்கள் குரூப்பில் ஒரே கொண்டாட்டம்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | புதன், 9:00

அருமையான உதாரணம் எடுத்தீர்கள். முதலில் வடிவம். அன்று திறந்தது 9,107 பக்கம், முடிந்தது 9,955. உடலே 850 புள்ளி. கீழ் விக் சுமார் 550. ஹேமர் என்றால் விக் உடலைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும், இங்கே உடல்தான் பெரிது. கொண்டாடியவர்கள் விக்கின் நீளத்தைப் பார்த்தார்கள், உடலைப் பார்க்கவில்லை.

சரி, வடிவத்தை விட்டுவிடுவோம், பெரிய விக்கோடு ஒரு மீட்சி என்றே வைப்போம். மறுநாள் என்ன ஆயிற்று? வெள்ளி போய்த் திங்கள், மார்ச் 16. நிஃப்டி 9,200-க்குக் கீழே முடிந்தது, ஒரே நாளில் 750 புள்ளிக்கு மேல் காலி. ஹைக்கு மேலே முடிவதை விடுங்கள், வெள்ளிக்கிழமை முடிவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மார்ச் 23-ல் 7,610. 24-ல் 7,511 வரை தொட்டது. 9,955-ல் உற்சாகமாக உள்ளே போனவர் ஏழே வணிக நாளில் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை வாங்கியதில் ஷார்ட் போட்டிருந்தவர்கள் லாபத்தை மூட்டை கட்ட வாங்கியது எவ்வளவு, புதிதாக முதலீடு செய்ய வந்தவர்கள் வாங்கியது எவ்வளவு என்று அன்றைக்குப் பிரிக்க முடியாது. ஷார்ட்டை மூடுபவர் வாங்குவது ஒரு தடவைதான், மறுநாள் அவர் வரமாட்டார். செங்குத்தான இறக்கத்தில் ஷார்ட் நிறைய இருக்கும், அதனால் இந்த வகை ஹேமர் ஏராளமாக வரும். மறுநாள் ஹேமரின் ஹைக்கு மேலே முடிந்தால்தான் புது ஆள் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

---

மேலூர் ரோடு | வியாழன், மாலை 4:05

265-ல் திறந்தது, ஹை 267.50, லோ 256, முடிந்தது 258. கேப் முழுக்க அடைபட்டுவிட்டது. 150 பங்கை மூன்றேகாலுக்கு 259-ல் விற்றேன், மீதி 150 இருக்கிறது.

ஆனால் இது அடுத்த கேண்டில் இல்லையே, அதற்கு அடுத்தது. இதையும் கன்ஃபர்மேஷன் என்று சொல்லலாமா?

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | வியாழன், 4:20

செவ்வாய் மாலையே சொன்னேன். புதன் 269-ல் திறந்தது. அங்கே விற்றிருந்தால் பங்குக்கு 10 ரூபாய் கூடுதல்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | வியாழன், 6:00

அந்த 10 ரூபாயை மறுக்கவில்லை. காத்திருப்பதற்கு விலை உண்டு, இந்தத் தடவை அது 10 ரூபாய். பங்கு புதனன்று 290 போயிருந்தால் அந்தக் கணக்கு வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

கேள்விக்கு வருகிறேன். கறாரானவர்கள் உடனடியாக அடுத்து வரும் கேண்டிலை மட்டும்தான் ஏற்பார்கள். நான் மூன்று கேண்டில் வரை கொடுப்பேன், நடுவில் ஸ்டாரின் ஹை உடையாமல் இருந்தால். புதன் கேண்டில் எதையும் முடிவு செய்யாத கேண்டில், அது ஸ்டாரைக் கலைக்கவில்லை. ஆகவே வியாழனை நான் எடுத்துக்கொள்வேன்.

---

கோரிப்பாளையம் ஸ்கால்பர் | வியாழன், 6:45

இதைத்தான் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒன்று வராவிட்டால் இரண்டு, இரண்டு வராவிட்டால் மூன்று என்று நீட்டிக்கொண்டே போனால் ஏதோ ஒரு நாள் கீழே முடியத்தானே செய்யும். அடுத்த கேண்டில் என்றால் அடுத்த கேண்டில். வராவிட்டால் வடிவம் செத்தது. வியாழன் இறக்கம் தனிக்கதை.

---

அண்ணாநகர் பென்ஷனர் | வியாழன், 7:10

இதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கும் மூன்றுக்கு மேல் கிடையாது. இரண்டா மூன்றா என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, பழக்கம்தான்.

---

திருநகர் வாசுகி | வியாழன், 8:30

கன்ஃபர்ம் ஆன பிறகு ஒருவர் புதிதாக ஷார்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம், இதே விலையில், ஃபியூச்சர்ஸ் உள்ள ஒரு பங்கில். நுழைவு 258. ஸ்டாப்லாஸ் ஸ்டாரின் ஹைக்கு மேலே 285. ரிஸ்க் 27 ரூபாய். ஏற்றமே 212-ல்தான் ஆரம்பித்தது. முழு ஏற்றமும் அழிந்தாலும் கிடைப்பது 46. பாதி அழிந்தால் கிட்டத்தட்ட 248, கிடைப்பது 10 ரூபாய்தான். இதற்கு 27 ரூபாயைப் பணயம் வைப்பதா?

---

அண்ணாநகர் பென்ஷனர் | வியாழன், 9:15

இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான். கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது என்பதும் நுழையத் தகுந்த விலை இது என்பதும் வேறு வேறு. செங்குத்தான நகர்வில் விக் நீளம், கன்ஃபர்ம் செய்யும் கேண்டிலும் நீளம். இரண்டையும் கூட்டினால் ஸ்டாப்லாஸ் எங்கேயோ போய் நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் விலை திரும்பி ஸ்டாரின் விக்குக்குள் வரட்டும் என்று பார்ப்பேன். 270-க்கு மேலே வந்து திணறினால் ரிஸ்க் 15-க்குள் அடங்கும். வராமலே போய்விட்டால் விட்டுவிடுவேன். ஸ்டாப்லாஸை வசதிக்கு 265-ல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஸ்டாரோடு சம்பந்தமே இல்லாத இடம், ஒரு சாதாரண மதிய ஆட்டத்திலேயே அடிபடும்.

கையில் பங்கு வைத்திருக்கும் தம்பிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் 221-ல் இருக்கிறார்.

---

பூ மார்க்கெட் பாண்டி | வியாழன், 9:40

258-ல் நான் வாங்கலாமா?

---

திருநகர் வாசுகி | வியாழன், 9:50

அண்ணாச்சி, இவ்வளவு நேரம் எல்லோரும் விற்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் :)

---

மேலூர் ரோடு | அடுத்த புதன், மாலை 5:20

கேட்டவர்களுக்காக அப்டேட். வெள்ளி 252-ல் முடிந்தது. திங்கள் 246 வரை போய்விட்டு 247.50. நேற்று 251. இன்று 263-ல் முடிந்திருக்கிறது, வால்யூமும் நன்றாக இருக்கிறது. மீதி 150 அப்படியே கையில். திங்கள் கேண்டிலில் கீழே கொஞ்சம் விக் இருந்தது, ஆனால் உடல் அதைவிடப் பெரிது, ஹேமர் என்று சொல்ல முடியாது.

---

வில்லாபுரம் மொபைல்ஸ் | அடுத்த புதன், 5:45

ஸ்டார் முறிந்தது, விடுங்கள். இனி 300தான்.

---

அண்ணாநகர் பென்ஷனர் | அடுத்த புதன், 7:00

284-க்கு மேலே முடியாதவரை நான் முறிந்தது என்று சொல்லமாட்டேன். அதே நேரம் ஸ்டாரின் வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம். 258-ல் கன்ஃபர்ம் ஆனதிலிருந்து 246 வரைதான் இறங்கியது. இப்போது 264.50 மேலே சுவராக நிற்கிறது. அன்று நஷ்டத்தில் மாட்டியவர்கள் அங்கே அசலுக்கு விற்கக் காத்திருப்பார்கள். நாளையும் நாளை மறுநாளும் அந்த இடத்தில் எப்படி முடிகிறது என்று பதிவிடுங்கள் தம்பி, மீதி 150-ஐ அப்போது பேசலாம்.

---

கோரிப்பாளையம் ஸ்கால்பர் | அடுத்த புதன், 7:20

எனக்கு இன்னும் அந்த மூன்று கேண்டில் விஷயம் செரிக்கவில்லை சார். தனி இழை போடுகிறேன், சார்ட்டோடு வாருங்கள்.